ஒப்புதலுக்காக நிற்கும் வேலையை வாடிக்கையாளருக்கு எப்படி எழுதித் தெரிவிப்பது: ஓர் ஓணக்கால அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில், உணவுப்பொருள் பொதிகளுக்கு வடிவமைப்புச் செய்து, அவற்றை அச்சிட்டு வாங்கிக் கொடுக்கும் சிறு தொழிலை நடத்தி வருகிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் சிப்ஸ், அப்பளம், மசாலாப் பொடி செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அச்சு ஆலைகளுக்கு நாங்கள் வேலந்தாவளத்தையோ வாளையாரையோ தாண்டிக் கோயம்புத்தூர் வட்டாரத்துக்குப் போகிறோம். 2025 ஓணத்துக்காக நான் எடுத்த ஒரு வேலையில், வாடிக்கையாளரின் ஒப்புதலுக்காக ஒரே ஒரு பகுதி நின்றுபோனது. அதை அவருக்குத் தெரிவித்த செய்திகள் பயன்படாமல் போனதால் பணமும், நெடுநாள் பழக்கமும் சேதமாயின. அந்த நேரத்தில் இதைப் பற்றிச் சொல்லித்தர யாரும் எனக்கு இல்லை என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த, என்னைவிட மூத்த ஒருவர். நான் அவரை அண்ணா என்றும், அவர் என்னைத் தம்பி என்றும் அழைப்பது வழக்கம். நேந்திரங்காய் சிப்ஸுக்கு அச்சிட்ட பவுச், சர்க்கரை வரட்டிக்கு அட்டைப் பெட்டி, கடைகளுக்கு அனுப்பும் பெரிய நெளி அட்டைப் பெட்டி என்று மூன்று பொருள்களை அவர் கேட்டிருந்தார். பின்னவை இரண்டும் தடையில்லாமல் நடந்தன. பவுச்சில் மட்டும் நிகர எடையை 200 கிராம் என்று போடுவதா, 180 கிராம் என்று குறைப்பதா என்பது முடிவாகவில்லை. அந்த ஆண்டு தேங்காய் எண்ணெய் விலை கடுமையாக ஏறியிருந்தது. நூறு ரூபாய் விலையை மாற்றினால் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், எடையைக் குறைத்தால் வாங்குகிறவர்கள் கவனிப்பார்கள் என்ற இரண்டு கவலைக்கும் நடுவே அவர் தயங்கிக்கொண்டிருந்தார். “எடையை நான் சொல்கிறேன் தம்பி, அதுவரைக்கும் அதைத் தொட வேண்டாம்” என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

எடையைப் போன்ற ஒரு சிறு எண்ணுக்காகப் பவுச் வேலை முழுவதும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். இந்த வகைப் பவுச்சுகளைக் கிராவியர் முறையில் அச்சிடுகிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக, செம்புப் பூச்சின்மேல் நுண்ணிய குழிகளைச் செதுக்கி, அதன்மேல் குரோம் ஏற்றிய, சிலிண்டர் எனப்படும் ஓர் உருளை வேண்டும். இந்த வேலைக்கு நான்கு அடிப்படை நிறங்கள், ஒரு தனிப் பச்சை, பின்னால் வரும் வெள்ளை என்று ஆறு சிலிண்டர்கள் தேவைப்பட்டன. எங்களுக்குக் கிடைத்த விலை சிலிண்டருக்கு 9,000 ரூபாய். செதுக்கிய பின் ஓர் எண்ணை மட்டும் அழித்துத் திருத்த முடியாது. குரோமை நீக்கி, செம்பை மறுபடி ஏற்றி, அந்த உருளையை முதலிலிருந்து செதுக்க வேண்டும். நிகர எடை பச்சைப் பின்னணியில் வெண்ணிற எழுத்தாக அமைந்திருந்ததால் அது பச்சைச் சிலிண்டரைச் சேர்ந்தது. 20 கிராம் ஒரு பரிமாறல் என்று கணக்கிட்டால் 200 கிராமுக்குப் பத்துப் பரிமாறல்களும் 180 கிராமுக்கு ஒன்பதும் வரும் என்பதால், ஊட்டச்சத்து அட்டவணையில் உள்ள அந்த எண்ணும் மாறும். அது கறுப்புச் சிலிண்டரில் இருந்தது. ஆகவே செதுக்கிய பிறகு மனம் மாறினால் இரண்டு சிலிண்டர்களுக்கு 18,000 ரூபாயும், ஏறத்தாழ ஒரு வாரமும் கூடுதலாகச் செலவாகும். விலை, ஒரு கிராமுக்கு ஆகும் விலை, தயாரித்த மாதம், தொகுதி எண் ஆகியவை பொதியும்போது கோடிங் இயந்திரத்தால் அச்சாகிறவை. அவை எந்தச் சிலிண்டரையும் பாதிப்பதில்லை.

இந்த விவரம் அவருக்கு முழுமையாகத் தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சிப்ஸ் பொரிப்பதில் அவருக்கு இருக்கும் நுணுக்கம் எனக்கு எப்படித் தெரியாதோ, அப்படியே கோப்பு அச்சு ஆலைக்குப் போவது என்றால் உருளை செதுக்கப்படுவது என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவருடைய பார்வையில் எடை என்பது கடைசி நாளில்கூடச் சொல்லிவிடக்கூடிய ஒரு தகவல்.

திருவோணம் செப்டம்பர் 5 அன்று வந்தது. கடைகளுக்குச் சரக்கு முன்கூட்டியே போய்ச் சேர, பவுச்சுகள் ஆகஸ்ட் 12 அன்று அவருடைய ஆலையில் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசியிருந்தோம். அச்சு, லேமினேஷன், பசை காய்வதற்கான நேரம், ஸ்லிட்டிங், பவுச் தயாரிப்பு எல்லாவற்றுக்கும் அச்சு ஆலை பதினைந்து நாள் கேட்டது. ஆகவே சிலிண்டர்கள் ஜூலை 28 அன்று தயாராக இருக்க வேண்டும். செதுக்குவதற்கு எட்டு முதல் ஒன்பது நாள் என்றால் கோப்பு ஜூலை 19 அன்று போயாக வேண்டும். என் பக்கத்து நாட்குறிப்பில் இந்தத் தேதிகள் எல்லாம் இருந்தன. அவருக்குத் தெரிந்திருந்தது ஆகஸ்ட் 12 மட்டும்.

வேலைக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அண்ணா, அவருடைய தம்பி, அவர்களுடைய ஆலையின் மேலாளர், நான் என்று நால்வரும் அதில் இருந்தோம். இந்தத் தொழிலில் எல்லோரும் அனுப்புவதைப் போலவே, சில நாட்களுக்கு ஒருமுறை நானும் நிலவரத்தை எழுதினேன். சர்க்கரை வரட்டிப் பெட்டிக்கான அச்சுத்தாள் முடிந்தது, நெளி அட்டையின் மாதிரி வந்தது, பவுச்சின் வடிவமைப்பு தயாராக உள்ளது, ஒப்புதல் கிடைத்ததும் தொடரப்படும் என்று செய்தி அமைந்திருக்கும். மேலாளர் ஒவ்வொரு செய்திக்கும் கட்டைவிரல் குறியிட்டார். தம்பி “நன்று” என்று எழுதினார். அண்ணா படித்ததற்கான நீலக் குறிகள் தெரிந்தன. எடையைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், “பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் மற்ற வேலையைப் பாருங்கள்” என்றார் அண்ணா. அவர் மூத்தவர், நெடுநாள் வாடிக்கையாளர், வெயிலிலும் அடுப்பனலிலும் நாள் முழுக்க நிற்பவர். திரும்பத் திரும்பக் கேட்பதற்கு எனக்கே மனம் வரவில்லை.

ஜூலை 19 கடந்துவிட்டது. 180 கிராம் என்ற முடிவு ஜூலை 31 அன்று வந்தது. அன்றே கோப்பை அனுப்பினேன். ஆனால் ஆலையில் ஓண அவசரத்தில் மற்றவர்களுடைய வேலைகள் எங்கள் இடத்தைப் பிடித்துவிட்டன. பவுச்சுகள் ஓணம் முடிந்தபின்தான் வந்தன. அண்ணா அச்சில்லாத பவுச்சுகளை வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி விற்றார். அந்தச் செலவு 22,000 ரூபாயை என் கட்டணத்திலிருந்து கழித்துக்கொண்டார். பவுச்சுக்கான பிளாஸ்டிக் ஃபிலிமுக்காக நான் கைப்பணத்திலிருந்து கொடுத்திருந்த 60,000 ரூபாய் முன்பணமும் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கியது. பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது அவர் சொன்ன ஒரு வாக்கியம்: “தம்பி, வேலை நிற்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எடையைச் சொல்லியிருப்பேனே.” அவர் பொய் சொல்லவில்லை. குழுவில் இருந்த செய்திகளை எடுத்துக் காட்டியபோது, அவற்றைப் படித்திருந்தும், பவுச் வேலை ஏதோ ஒரு வகையில் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றுதான் நினைத்திருந்ததாக அமைதியாகச் சொன்னார். அன்று இரவு எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தச் செய்திகளை அதற்குப் பிறகு பலமுறை படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு செய்தியிலும் நல்ல செய்தி முதலில் வந்தது, நின்றுபோன வேலை கடைசி வரியில் நின்றது. ஒப்புதல் வேண்டும் என்று இருந்தது; எதற்கு ஒப்புதல், யாருடைய ஒப்புதல், எந்தத் தேதிக்குள், வராவிட்டால் என்ன ஆகும் என்று இல்லை. நான்கு பேர் உள்ள குழுவில் பொதுவாகக் கேட்டதால், மற்றவர் சொல்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரும்பாலான நிலவரச் செய்திகள் இப்படித்தான் இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரையில் இந்த வடிவம் போதுமானது; ஒன்று நின்றுபோகும் நாளில் அது எதையும் தெரிவிப்பதில்லை.

அதே வாடிக்கையாளர் அடுத்து பலாச்சக்கை சிப்ஸுக்குப் பவுச் கேட்டு வந்தபோது, செய்தியை வேறு வகையில் அமைத்தேன். அதே அமைப்பில், நடந்த ஓண வேலையின் விவரங்களை வைத்து, ஜூலை 10 வாக்கில் அனுப்பியிருக்க வேண்டிய செய்தியை இங்கே எழுதிக் காட்டுகிறேன். குழுவுக்கு அல்ல, அண்ணாவின் எண்ணுக்குத் தனியாக:

“வணக்கம் அண்ணா. நேந்திரங்காய் சிப்ஸ் பவுச் வேலையை ஜூலை 8 முதல் நிறுத்தி வைத்திருக்கிறேன். நிகர எடை 200 கிராமா, 180 கிராமா என்ற தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறேன். மற்ற எல்லாம் தயாராக உள்ளது. இந்த எண் சிலிண்டரில் செதுக்கப்படுவதால், பின்னால் மாற்றினால் இரண்டு சிலிண்டருக்கு 18,000 ரூபாயும் ஒரு வாரமும் கூடும். அதனால்தான் ஊகித்துத் தொடங்கவில்லை. பவுச்சுகள் ஆகஸ்ட் 12 அன்று வர வேண்டுமானால் ஜூலை 19 சனிக்கிழமைக்குள் தங்கள் பதில் தேவை. அதற்குப் பின் வந்தால் ஆலையில் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டுப் புதுத் தேதியைத் தெரிவிப்பேன். சர்க்கரை வரட்டிப் பெட்டியும் நெளி அட்டைப் பெட்டியும் திட்டப்படி நடக்கின்றன. இணைத்துள்ள ‘பவுச் புரூஃப் 4’ஐப் பார்த்து, ‘புரூஃப் 4, 180 கிராம், சரி’ அல்லது ‘புரூஃப் 4, 200 கிராம், சரி’ என்று எழுதினால் அன்றே கோப்பை அனுப்பிவிடுகிறேன்.”

இதில் முதல் வாக்கியம் எந்த வேலை, எந்த நாளிலிருந்து நிற்கிறது என்பதைச் சொல்கிறது. கைப்பேசித் திரையில் அறிவிப்பாகத் தெரியும் முதல் வரியை மட்டும் படிப்பவரும் அதைத் தெரிந்துகொள்வார். அடுத்த வாக்கியம் ஒப்புதலை ஒரு கேள்வியாகக் கேட்கிறது. ‘ஒப்புதல் தாருங்கள்’ என்றால் படிப்பவர் முழு வடிவமைப்பையும் மறுபடி ஆராய வேண்டும் என்று எண்ணித் தள்ளிப் போடுவார். இரண்டு எண்களில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம். தாமதம் தங்களால்தான் என்று எங்கும் எழுதவில்லை. முடிவு அவரிடம் இருக்கிறது என்பது வாக்கியத்தின் பொருளிலேயே தெரிகிறது, அதற்குமேல் அழுத்தினால் அவர் தற்காப்பாகப் பேசத் தொடங்குவாரே தவிர, எண் வராது. மூத்தவரிடம் இப்படி எழுதுவது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நான் அஞ்சியிருந்தேன். காரணமும் தேதியும் சேர்ந்து இருக்கும்போது அது மரியாதையாகவே படிக்கப்படுகிறது என்று அவருடைய பதிலே எனக்குக் காட்டியது. பலாச்சக்கைப் பவுச்சுக்கு அன்று மாலையே பதில் வந்தது.

தேதியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘விரைவில்’, ‘கூடிய சீக்கிரம்’ ஆகியவை எந்த வேலையும் செய்வதில்லை. தேதி கடைசி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்பட்டதாகவும், அந்தக் கணக்கைக் கேட்டால் காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பாதுகாப்புக்காகப் பொய்யாக நாலு நாள் முன்தள்ளிச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை அந்தத் தேதி தாண்டியும் வேலை முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எந்தத் தேதியையும் வாடிக்கையாளர் நம்புவதில்லை. மாறாக, ஆலையிடம் முன்னதாகவே பேசி, நம்முடைய இடத்தை எந்த நாள் வரை வைத்திருப்பார்கள் என்று கேட்டு, அந்த நாளையே எழுதுகிறேன்.

ஒப்புதலின் வடிவத்திலும் கவனம் தேவை. கட்டைவிரல் குறி பார்த்ததற்கா, சம்மதத்திற்கா என்பது அதை இட்டவருக்கு மட்டுமே தெரியும். புரூஃப் எண்ணும் எடையும் சேர்த்து எழுதப்பட்ட ஒரு வரி வரும்வரை நான் சிலிண்டருக்குக் கோப்பை அனுப்புவதில்லை. தொலைபேசியில் வாய்ச்சொல்லாகச் சொன்னால், “தாங்கள் இப்போது தொலைபேசியில் புரூஃப் 4, 180 கிராம் என்று உறுதி செய்தீர்கள்; இதையே எழுதி அனுப்பினால் கோப்பு போகும்” என்று அன்றே எழுதிவிடுகிறேன். குடும்பத் தொழில்களில் யார் சொன்னால் முடிவு என்பதை வேலையின் தொடக்கத்திலேயே பெயர் குறித்துக் கேட்டு வைப்பதும் அவசியம். மேலாளர் நிறத்தைச் சரி என்று சொல்லலாம். எடையையோ விலையையோ அவர் சொல்ல முடியாது என்று எங்கள் வேலையில் முன்பே தெரிந்திருந்தால், அவருடைய கட்டைவிரலுக்கு நாங்கள் யாரும் பொருள் தேடியிருக்க மாட்டோம்.

பதில் வராமல் நாள் கடந்தால் அதே செய்தியை மறுபடி அனுப்புவதால் பயனில்லை. நடுவில் ஒருமுறை நேரில் போய் அல்லது தொலைபேசியில், முடிவு எடுப்பதற்கு எது தடை என்று கேட்பது நல்லது. அண்ணாவின் விஷயத்தில் தடை எண்ணெய் விலைதான். அது தெரிந்திருந்தால், நிகர எடைக்கும் பரிமாறல் எண்ணுக்கும் வெள்ளைக் கட்டங்களை விட்டுவிட்டு, அவற்றையும் பொதியும்போது கோடிங் இயந்திரத்தாலேயே அச்சிடும் வழியை மூன்றாவது தேர்வாகக் கொடுத்திருக்கலாம். அப்போது சிலிண்டர்கள் ஜூலையிலேயே செதுக்கப்பட்டிருக்கும். இந்த வழிக்கும் எல்லை உண்டு. எடை எண்ணின் உயரத்துக்கு எடையளவுச் சட்டம் வரம்பு வைத்திருப்பதால், அண்ணாவின் ஆலையில் உள்ள இயந்திரம் அந்த உயரத்தில் தெளிவாக அச்சிடுமா, கையால் தேய்த்தால் அழியாதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள பவுச்சின் மேல் சில மைகள் நிற்பதில்லை. தடை எடையாக இல்லாமல் கைப்பணமாகவும் இருக்கலாம். ஒப்புதல் தந்தால் அடுத்த தவணையைக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் சிலர் பேசாமல் இருப்பதுண்டு. அத்தகைய இடத்தில் எவ்வளவு தெளிவான செய்தி எழுதினாலும் பதில் வராது. தவணையைப் பற்றித் தனியாகப் பேசினால்தான் எண்ணும் வரும்.

குறித்த தேதி கடந்த மறுநாள் இன்னொரு செய்தி கட்டாயம் போக வேண்டும், அதில் புதுத் தேதி இருக்க வேண்டும். ஓண வேலையில் இது இல்லாததுதான் கடைசிப் பேச்சில் எனக்கு மிகவும் பாதகமாக அமைந்தது. ஜூலை 20 அன்று, “ஆலையில் எங்கள் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது, இனி முடிவு வந்தாலும் பவுச்சுகள் செப்டம்பர் நடுப்பகுதியில்தான் வரும், ஓணத்துக்கு ஸ்டிக்கர் ஏற்பாடு செய்வதா என்று தெரிவிக்கவும்” என்று ஒரு வரி இருந்திருந்தால், ஸ்டிக்கரை அவர் நிதானமாக, குறைந்த விலையில் அச்சிட்டிருக்க முடியும். கடைசி நேரத்தில் வாங்கியதால்தான் அந்த 22,000.

இப்போது என் விலைப்பட்டியலிலேயே, கொடுக்கும் நாள் எழுத்து வழி இறுதி ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும் என்றும், வாடிக்கையாளரின் முடிவுக்காக நிற்கும் நாட்கள் அதில் சேராது என்றும், நிறுத்தப்பட்ட அன்றே அதை எழுதித் தெரிவிப்பேன் என்றும் மூன்று வரிகள் சேர்த்திருக்கிறேன். மூன்றாவது வரி என்னைக் கட்டுவதால்தான் முதலிரண்டையும் வாடிக்கையாளர்கள் மறுப்பில்லாமல் ஏற்கிறார்கள். ஒப்புதல் வந்தபின் வேலையை மறுபடி தொடங்கும் செய்தியும் அன்றே போகிறது: எந்த புரூஃப், எந்த எடை, கோப்பு ஆலைக்குப் போன நேரம், இப்போதைய கொடுக்கும் தேதி. ஆலையின் வரிசையில் நம் இடம் போயிருக்கலாம் என்பதால், பழைய தேதியை அப்படியே திருப்பி எழுதாமல், ஆலையிடம் கேட்ட பிறகே அந்தக் கடைசி விவரத்தை நிரப்புகிறேன்.